மூன்று நிமிடத்துக்கு ஒரு விசில்

தனியாக ஓடும்போது ஒரு கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 30 நொடி எடுத்துக்கொள்கிறவர், குழந்தையை வண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினால் 7 நிமிடத்தைத் தாண்டிவிடுவார். சமதரையில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை கூடுதலாகப் பிடிக்கும். காற்று எதிரே அடித்தாலோ, ஏற்றம் வந்தாலோ இன்னும் கூடும். கைக்கடிகாரம் இதைக் காட்டியதும் பலருக்கு மனசு கேட்பதில்லை. பழைய கணக்கை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறார்கள். அடுத்த நாள் காலை கட்டிலை விட்டு இறங்கும்போது இடுப்பு பதில் சொல்கிறது.

நம் ஊரில் இப்போது விடியற்காலையில் வண்டியும் கையுமாக ஓடும் இளம் அப்பா அம்மாக்களை அங்கங்கே பார்க்க முடிகிறது. அவர்கள் பின்னாலேயே மூத்த பிள்ளை சைக்கிளிலோ, கால்நடையாகவோ வருகிறது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'எல்லோரும் சேர்ந்து ஓடலாமே' என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். பதினொரு வயது பறக்கும், ஐந்து வயது பாதி வழியில் பூனையைப் பார்த்து நின்றுவிடும், வண்டிக்குள் இருப்பது தூங்கும். இத்தனை வேகங்களை ஒரே சாலையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதற்கு ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் வண்டியைப் பார்த்துவிடுவோம்.

ஓடுவதற்கென்றே ஒரு குழந்தை வண்டி வந்தது 1984இல். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள யாக்கிமா என்ற ஊரில், ஃபில் பேச்லர் என்பவர் தன் பிள்ளையையும் விட்டுவிடாமல் ஓட்டத்தையும் விட்டுவிடாமல் இருக்க, சாதாரணக் குழந்தை வண்டியில் சைக்கிள் சக்கரங்களைப் பொருத்திப் பார்த்தார். அதுவே 'பேபி ஜாகர்' என்ற பெயரில் விற்பனைக்கும் வந்தது. இன்றைக்கும் ஓட்ட வண்டியின் அமைப்பு ஏறக்குறைய அதேதான்: மூன்று பெரிய சக்கரங்கள், காற்றடைத்த டயர், ஆடாமல் பூட்டி வைக்கக்கூடிய முன்சக்கரம், இரு தோள், இரு இடுப்பு, கால்நடு என்று ஐந்து இடத்தில் பிடிக்கும் பட்டை, தள்ளுகிறவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் ஒரு வார். நல்ல வண்டிகளில் சைக்கிளைப் போல ஒரு கை பிரேக்கும் இருக்கும்.

நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது இது அல்ல. மடக்கிக் காரில் வைக்கக்கூடிய, உள்ளங்கை அகலத்துக்குப் பிளாஸ்டிக் சக்கரம் வைத்த நான்கு சக்கர வண்டி. கடைவீதிக்கும் கோயில் பிராகாரத்துக்கும் அது போதும். ஓடினால், எல்லாப் பக்கமும் திரும்பும் அதன் முன்சக்கரம் வேகத்தில் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒரு சின்னக் கல் பட்டால் சட்டென்று குறுக்கே திரும்பி, வண்டி முன்னால் கவிழும். ஆகவே அந்த வண்டி வைத்திருப்பவர்கள் வேகமாக நடக்கலாம், ஓடக் கூடாது. ஓட்ட வண்டி விலை அதிகம்தான். பிள்ளை வளர்ந்துவிட்ட யாரிடமாவது இருந்தால் வாங்கிக்கொள்வது நல்லது.

குழந்தைக்கு எத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டும்? கழுத்து நன்றாக நின்று, தானாக உட்காரும் நிலை வர வேண்டும். ஆறு மாதத்துக்குக் கீழே வேண்டவே வேண்டாம் என்பது பொதுவான வழிகாட்டல். எட்டு மாதம் வரை பொறுக்கச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. உங்கள் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தள்ளுகிறவர் குழந்தையைப் பெற்ற தாயாக இருந்தால் அவருடைய உடம்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பிரிட்டனில் மகளிர் உடல்நல இயன்முறை மருத்துவர்கள் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, பிரசவத்துக்குப் பின் குறைந்தது 12 வாரம் கழித்துத்தான் ஓட்டத்தைத் தொடங்கலாம் என்கிறது. ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ, அடிவயிறு கீழே இழுப்பது போல் கனத்தாலோ 12 வாரம் ஆகியிருந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். 'பிள்ளை பெற்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்' என்று வீட்டுப் பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் அதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிடக் கூடாது.

சரி, வண்டி ஏன் வேகத்தைக் குறைக்கிறது? எடைதான் காரணம் என்று தோன்றும். அது பாதி உண்மை. வண்டி 12 கிலோ, குழந்தை 10 கிலோ, தண்ணீர், துணிப் பை எல்லாம் சேர்த்து 3 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 25 கிலோ. நல்ல தார்ச்சாலையில், டயரில் காற்று சரியாக இருக்கும்போது, அந்த 25 கிலோவை உருட்டத் தேவைப்படும் விசை சில நூறு கிராமைத் தூக்கும் அளவுக்குத்தான் வரும். விரல் நுனியால் தள்ளினாலே நகரும். சாலை ஏறத் தொடங்கியதும் கதை மாறுகிறது. 100 மீட்டர் தூரத்தில் 4 மீட்டர் ஏறும் சரிவு என்றால், 25 கிலோவில் நூற்றுக்கு நாலு, அதாவது ஒரு கிலோ கூடுதலாகக் கையில் வந்து உட்காரும். சமதரையில் தள்ளியதைப் போல மூன்று நான்கு மடங்கு. கண்ணுக்குச் சரிவே தெரியாத மேம்பால ஏற்றத்தில் திடீரென்று மூச்சு வாங்குவது இதனால்தான். டயரில் காற்று குறைந்திருந்தாலும், கீழே மணல் படிந்திருந்தாலும் இதே கதைதான்.

மீதிப் பாதி நம் உடம்பில் இருக்கிறது. ஓடும்போது கால் ஒரு பக்கம் போனால் எதிர்ப்பக்கக் கை முன்னே வரும். அந்த வீச்சுதான் இடுப்பு தேவைக்கு மேல் திரும்பாமல் பார்த்துக்கொள்கிறது. இரண்டு கையையும் வண்டியின் பிடியில் வைத்துவிட்டால் அந்த வேலையை வயிறும் கீழ்முதுகும் செய்ய வேண்டியிருக்கிறது. வண்டியின் பின்அச்சில் முழங்கால் இடிக்காமல் இருக்க, அடியும் தானாகவே குட்டையாகிவிடும். அடி குட்டையானால் வேகம் குறையத்தான் செய்யும். அதை வலிய நீட்டப் பார்த்தால் உடம்பு முன்னால் சாய்ந்து, கைகள் நேராக நீண்டு, வண்டியின் மேல் தொங்கிக்கொண்டு ஓடுவது போல் ஆகிவிடும். முதுகுவலி அங்கிருந்து வருகிறது.

ஆகவே அடி குட்டையாகவே இருக்கட்டும். பிடியின் உயரத்தை மாற்ற முடிந்தால் தொப்புள் மட்டத்துக்கு வையுங்கள். முழங்கை மடங்கி, விலாவுக்கு அருகில் இருக்க வேண்டும். நேரான, ஆள் இல்லாத சாலையில் மட்டும் ஒரு கையால் தள்ளி மற்றக் கையை வீசலாம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வண்டியை ஒரு தள்ளு தள்ளிவிட்டு ஓடிப் பிடிக்கும் ஒரு முறையை வெளிநாட்டுப் படங்களில் பார்க்கலாம். நம் சாலையில், நாய் குறுக்கே வரும் இடத்தில், அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். எந்த முறையானாலும் மணிக்கட்டு வார் எப்போதும் மாட்டியே இருக்க வேண்டும்.

இப்படியெல்லாம் இருக்கும்போது வேகத்தை எதை வைத்து முடிவு செய்வது? கடிகாரம் இங்கே அவ்வளவு உதவாது. பிடியில் அசையாமல் இருக்கும் கையில் கட்டியிருந்தால் அது காலடிகளைத் தவறவிடும். இறுக்கிப் பிடிப்பதால் நாடித்துடிப்பையும் சில நேரம் தப்பாகக் காட்டும். மூச்சுதான் நம்பகமானது. குழந்தையிடம் ஒரு முழு வாக்கியம், 'அதோ பாரு, பால்கார மாமா சைக்கிள்ல வர்றாரு' என்பது போல, நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிய வேண்டும். 'அதோ பாரு' என்றதும் நின்றுவிட்டால் வேகம் அதிகம். ஏற்றத்தில் அந்த வாக்கியம் உடைந்தால் நடங்கள். இறக்கம் வந்ததும் இழந்ததைப் பிடிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். இறக்கத்தில் 25 கிலோ உங்களை இழுத்துக்கொண்டு போகும். கை பிரேக்கை லேசாகப் பிடித்தபடி நடப்பதே நல்லது.

முதல் வாரத்தில் தூரத்தையே கணக்கில் எடுக்க வேண்டாம். 20 நிமிடம் போதும். முதல் ஐந்து நிமிடம் நடை, பிறகு இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று நான்கு சுற்று, கடைசி மூன்று நிமிடம் மறுபடி நடை. மறுநாள் கீழ்முதுகும் முன்தொடையின் மேல்பகுதியும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். வலி இல்லாமல் இரண்டு மூன்று முறை போன பிறகு ஓடும் நேரத்தை ஒவ்வொரு நிமிடமாகக் கூட்டலாம். வழக்கமாக ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவர் அதே நேரத்துக்கு ஓடட்டும். நாலரை கிலோமீட்டர்தான் ஆனது என்றால் ஆகட்டும். குழந்தை மாதத்துக்கு மாதம் கனக்கிறது என்பதால் இந்தக் கணக்கு ஒரே இடத்தில் நிற்கப்போவதும் இல்லை.

கிளம்புவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. சமதரையில் வாரைக் கையில் மாட்டிக்கொண்டு, வண்டியை மெல்லத் தள்ளி, பிடியில் இருந்து விரலை எடுத்துப் பாருங்கள். நாலைந்து அடி நேராகப் போனால் சரி. ஒரு பக்கமாக ஒதுங்கினால் ஓடும் நேரம் முழுக்க மணிக்கட்டால் அதை மறுபக்கம் இழுத்துக்கொண்டே இருப்பீர்கள். பின்டயர் இரண்டிலும் காற்று ஒரே அளவில் இருக்கிறதா, முன்சக்கரம் அச்சில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் காரணம் கிடைத்துவிடும். டயருக்கு எவ்வளவு காற்று என்பது அதன் பக்கவாட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

நம் சாலையின் பெரிய எதிரி வேகத்தடை. ஓடிவந்த வேகத்தில் அதில் மோதினால் குழந்தையின் தலை முன்னும் பின்னும் ஆடும். நாலு அடி முன்னாலேயே நடைக்கு மாறி, பிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, பிறகு பின்சக்கரங்களை உருட்டிக் கடக்க வேண்டும். முன்சக்கரம் பூட்டியிருக்கும்போது திருப்பத்துக்கும் இதே வித்தைதான். பிடியை லேசாக அழுத்தி, மூக்கைத் தூக்கி, திருப்பி வைக்க வேண்டும்.

வண்டிக்குள் இருப்பவர் ஓடவில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். நமக்கு வியர்த்துக் கொட்டும் வேளையில் மார்கழிக் காற்று குழந்தைக்குக் குளிரும். சித்திரையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தை உள்ளுக்குள் வெந்துபோகும். கையை விட்டுப் பிடரியைத் தொட்டுப் பார்ப்பதுதான் வழி. வெயில் படக் கூடாதென்று கூரையின் மேல் துண்டைப் போட்டு மூடுகிறார்கள். காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறிவிடும், அதைச் செய்யவே கூடாது. குழந்தையின் மூக்கு நம் இடுப்புக்குக் கீழே, வண்டிகளின் புகைக்குழாய் மட்டத்தில் இருப்பதால் பேருந்து போகும் சாலையும் வேண்டாம்.

இனி குடும்ப ஓட்டம். பெரியவர்கள் பெரும்பாலும் தூரத்தை வைத்துத் திட்டமிடுவார்கள். 'எல்லோரும் இரண்டு கிலோமீட்டர்' என்று ஆரம்பிக்கும். மூத்தது 12 நிமிடத்தில் முடித்துவிட்டு நிழலில் போரடித்துப்போய் நிற்கும். சின்னது 24 நிமிடம் கழித்து அழுதுகொண்டு வரும். அந்த அழுகை கால்வலியால் வருவதில்லை, 'எல்லோரும் என்னை விட்டுட்டுப் போய்ட்டாங்க' என்பதால் வருவது. அதோடு, குழந்தைகள் பெரியவர்களைப் போல ஒரே சீராக ஓடுகிறவர்கள் இல்லை. பாய்ந்து ஓடுவார்கள், நிற்பார்கள், ஒரு நிமிடத்தில் தெளிந்து மறுபடி பாய்வார்கள். குட்டைக் காலால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உடம்பு எடைக்கு அவர்கள் செலவழிக்கும் சக்தியும் நம்மைவிட அதிகம். நீண்ட தூரம் என்பது அவர்களுக்கு ஒவ்வாத வடிவம்.

தூரத்துக்குப் பதிலாக நேரத்தைப் பிடித்துக்கொண்டால் சிக்கல் அவிழ்கிறது. எல்லோரும் ஒரே கோட்டில் இருந்து, ஒரே நேரத்தில், அவரவர் வேகத்தில் ஓட வேண்டும். குறிப்பிட்ட நேரம் ஆனதும் விசில். கேட்ட இடத்தில் அப்படியே திரும்பி, வந்த வழியே கோட்டுக்கு ஓடிவர வேண்டும். வேகமாகப் போனவர் தூரமாகப் போயிருப்பார். திரும்பி வரவும் அவருக்கு அதே தூரம். மெதுவாகப் போனவர் பக்கத்திலேயே இருப்பார். போன அதே வேகத்தில் வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொடுவார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

எவ்வளவு நேரத்துக்கு ஒரு விசில் என்பதில்தான் சூட்சுமம். பத்து நிமிடம் என்று வைத்தால் 11 வயதுக்காரர் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு பெரியவர் கண்ணிலும் படாமல் இருப்பார். விசில் சத்தமும் அவருக்குக் கேட்காது. மூன்று நிமிடம் என்று வைத்து, அதையே மூன்று முறை ஓடலாம். நடுவில் இரண்டு நிமிடம் தண்ணீர் இடைவேளை. பாய்ந்து நிற்கும் குழந்தைகளின் இயல்புக்கும் இது பொருந்துகிறது, வண்டியில் இருக்கும் குழந்தையை எட்டிப் பார்க்கவும் அவகாசம் கிடைக்கிறது.

ஒரு குடும்பத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அக்காவுக்கு 11 வயது, கிலோமீட்டருக்கு 6 நிமிடத்தில் ஓடுவாள். தம்பிக்கு 7 வயது, 8 நிமிடம். அத்தை பெண்ணுக்கு 5 வயது, ஓட்டமும் நடையுமாக 12 நிமிடம். வண்டியில் 14 மாதக் குழந்தை. அம்மா வண்டியோடு 7 நிமிடம் 15 நொடியில் ஓடுவார். அப்பா, தாத்தா இருவரும் கூட. மூன்று நிமிடத்தில் அக்கா 500 மீட்டர் போயிருப்பாள், தம்பி 375 மீட்டர், சின்னவள் 250 மீட்டர். ஆக 500 மீட்டர் நேர்ச்சாலை ஒன்று இருந்தால் போதும். குடியிருப்பு வளாகத்தின் உள்சாலை, விடுமுறை நாளில் கல்லூரி வளாகச் சாலை, ஏரிக்கரை நடைபாதை என்று ஏதாவது கிடைக்கும். கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதை போன்ற பெரிய சுற்றுப்பாதையில் முழுச் சுற்று போகத் தேவையில்லை, அதில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தூரத்தைச் சைக்கிளிலோ கைபேசியிலோ முன்பே அளந்து, 250 மீட்டரிலும் 500 மீட்டரிலும் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட வேண்டும். 500க்கு அப்பால் யாரும் போகக் கூடாது.

முதல் சுற்றில் அம்மா வண்டியோடு சின்னவள் பக்கத்தில் போகிறார். அது மணிக்கு ஐந்து கிலோமீட்டர், விறுவிறுப்பான நடைதான். அப்பா அக்காவோடு ஓடுகிறார். தாத்தா 250 மீட்டர் கோட்டில் விசிலோடு நிற்கிறார். அங்கிருந்து இரண்டு முனையும் அவருக்குத் தெரியும், தம்பியும் அவர் பார்வையிலேயே இருப்பான். இரண்டாவது சுற்றில் அம்மாவுக்கும் ஓட ஆசை இருக்காதா? தாத்தா சின்னவள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கட்டும். விசிலும் அவரோடு போகட்டும். அம்மா வண்டியைத் தன் வேகத்தில் தள்ளினால் மூன்று நிமிடத்தில் சுமார் 410 மீட்டர், தம்பிக்குக் கொஞ்சம் முன்னால். மூன்றாவது சுற்றில் அம்மாவும் அப்பாவும் வண்டியை மாற்றிக்கொள்ளலாம். எல்லாம் முடியும்போது அக்கா 3 கிலோமீட்டர் ஓடியிருப்பாள், தம்பி இரண்டேகால், சின்னவள் ஒன்றரை. ஓட்டம் 18 நிமிடம், இடைவேளை 4 நிமிடம். ஆறு மணிக்குத் தொடங்கினால் ஆறரைக்குள் இட்லிக் கடைக்குப் போய்விடலாம்.

காகிதத்தில் எல்லோரும் சேர்ந்துதான் வருகிறார்கள். தரையில் முதல் சுற்று அப்படி அமையாது. அக்கா முதல் நிமிடத்தில் பறந்திருப்பாள். மூன்று நிமிடத்தில் 500க்குப் பதில் 540 மீட்டர் தொட்டு, கோட்டையும் தாண்டி, திரும்பி வரும்போது கால் கனத்து, 25 நொடி தாமதமாக வந்து சேருவாள். போகும்போது கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 33 நொடி, வரும்போது 6 நிமிடம் 20 நொடி. இதை அவளிடம் திட்டாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த 25 நொடி அவளுக்கே தெரியும், கோட்டில் மற்ற எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள் அல்லவா? 'தாத்தா, நீங்க விசிலைச் சீக்கிரம் ஊதிட்டீங்க' என்று சண்டைக்கு வருவாள். 'அடுத்த தடவை நீயே வாட்ச்சைப் பாரும்மா' என்றால் முடிந்தது. இரண்டாவது சுற்றில் அவளாகவே அடக்கி ஓடுவாள். மாறாக, ஒருவர் விசிலுக்குப் பிறகு இரண்டரை நிமிடத்திலேயே வந்துவிட்டால் போகும்போது சோம்பியிருக்கிறார் என்று பொருள். நேரக் கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டு யார் எத்தனை நொடி முன்பின் என்று ஒரு தாளில் குறித்தால் அதுவே பந்தயம். யார் கழித்தல் கூட்டல் இல்லாமல் மூன்று நிமிடத்துக்கு மிக அருகில் வந்தாரோ அவருக்குப் பரிசு. ஐந்து வயதுக்காரிகூட இதில் ஜெயிக்கலாம், பெரும்பாலும் ஜெயிப்பதும் அவள்தான், தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு சீராக நடந்தவள் அவள் ஒருத்தியே.

'நிஜப் பந்தயம் வேண்டும்' என்று தம்பி அடம் பிடித்தால் அதற்கும் வழி உண்டு. மூன்று சுற்றில் எல்லோருடைய வேகமும் தெரிந்துவிட்டதால், மெதுவானவரை முதலில் கிளப்பிவிட்டு, வேகமானவரைக் கடைசியில் விட வேண்டும். 400 மீட்டர் பந்தயம் என்றால் சின்னவளுக்கு 4 நிமிடம் 48 நொடி ஆகும், தம்பிக்கு 3 நிமிடம் 12 நொடி, அக்காவுக்கு 2 நிமிடம் 24 நொடி. சின்னவள் கிளம்பி 1 நிமிடம் 36 நொடி கழித்துத் தம்பி, 2 நிமிடம் 24 நொடி கழித்து அக்கா. கடைசி ஐம்பது மீட்டரில் மூவரும் ஒன்றாக முட்டிக்கொண்டு வருவார்கள். களைத்துப்போன காலில் இந்தக் கணக்கு கொஞ்சம் முன்பின் ஆகும், பரவாயில்லை. ஒரே ஒரு கண்டிப்பு: இந்தப் பந்தயத்தில் வண்டி கலந்துகொள்ளக் கூடாது. முடிவுக் கோட்டில் குழந்தைகள் முன்பின் பார்க்காமல் குறுக்கே வெட்டுவார்கள். ஓடிவரும் 25 கிலோவை இரண்டு அடியில் நிறுத்த முடியாது. வண்டி பிரேக் போட்டு, கோட்டுக்குப் பத்து மீட்டர் தள்ளி, ஓரத்தில் நிற்கட்டும்.

பல குடும்பங்கள் சேர்ந்து செய்யும்போதும் வண்டிக்கான விதி இதுதான், எல்லோரும் கிளம்பிய பிறகு கடைசியில் கிளம்ப வேண்டும், முந்தும்போது குரல் கொடுக்க வேண்டும். லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் தமிழர்களுக்குப் பழக்கமான ஒன்று பார்க்ரன். 2004இல் லண்டனின் புஷி பார்க்கில் 13 பேரோடு தொடங்கியது. அதன் சனிக்கிழமை ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில், 11 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை தன்னுடைய பெரியவரின் கைக்கெட்டும் தூரத்தில்தான் ஓட வேண்டும். சிறுவர்களுக்கென்று பிரிட்டனில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஓட்டம் 4 முதல் 14 வயது வரைக்கும், இரண்டு கிலோமீட்டர். நம் வளாகத்தில் நடத்துகிறவர்கள் முதல் விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வாகனம் வரும் வாய்ப்பு கொஞ்சம் இருந்தாலும் எத்தனை குழந்தை என்று எண்ணுவதைவிட எத்தனை பெரியவர் என்று எண்ணித்தான் சுற்றைத் தொடங்க வேண்டும். பெரியவர் குறைவாக இருந்தால் மூன்று நிமிடத்தை ஒன்றரை நிமிடமாகக் குறைத்துவிடலாம். எல்லோரும் 250 மீட்டருக்குள் அடங்கிவிடுவார்கள்.

கடைசியாக, கட்டாயம் வரப்போகும் ஒரு நிலைமை. ஏதோ ஒரு சுற்றின் நடுவில் ஐந்து வயதுக்காரி உட்கார்ந்துகொண்டு, 'எனக்கும் வண்டி வேணும்' என்பாள். வண்டியின் முன்னால் இருக்கும் கால்மிதியில் அவளை நிற்கவைத்துத் தள்ளுகிறவர்கள் உண்டு. அவள் 18 கிலோ இருந்தால் அந்த எடை முழுக்க முன்சக்கரத்தில் விழும். ஒரு சின்னக் குழியில் வண்டி முன்னால் புரண்டுவிடும். பட்டை இல்லாமல் குழந்தையோடு சேர்த்து உட்காரவைப்பதும் கூடாது. பிடியில் பையைத் தொங்கவிட்டிருந்தாலே வண்டி பின்னால் சாயும் என்பதால் அங்கே அவளைத் தொங்கவிடும் பேச்சுக்கே இடமில்லை. வண்டி தன் வழியில் போகட்டும், தாத்தா அவளோடு நிற்கட்டும். விசில் ஊதியதும் எல்லோரும் திரும்பி அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வரலாம். அல்லது அவளிடமே விசிலைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த சுற்று முழுக்க உட்கார்ந்த இடத்திலேயே இருந்துகொண்டு, மூன்று நிமிடம் ஆகிவிட்டதா என்று தாத்தாவைப் பத்து தரம் கேட்டுக்கொண்டிருப்பாள்.